வங்கிக் கணக்கில் மொபைல் எண், முகவரி மாற்றம்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

வீடு மாறியாயிற்று, சிம்மும் மாறியாயிற்று. வங்கிக் கணக்கு மட்டும் பழைய ஊரில் பழைய எண்ணோடு கிடக்கிறது. நெல்லைச் சீமையில் இப்படிக் கிடக்கும் கணக்குகள் ஏராளம். கணக்கு ஆலங்குளத்திலோ திசையன்விளையிலோ இருக்கும். ஆள் பாளையங்கோட்டையில் இருப்பார். பதிவான மொபைல் எண், திருப்பூருக்கு வேலைக்குப் போன மகனுடையதாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கும், அவர்களைக் கிளைக்குக் கூட்டிப் போகிற பிள்ளைகளுக்கும்தான் இந்த வழிகாட்டி.

வங்கிக் கிளையின் கவுண்டரில் பல வருடம் இருந்தவன் நான். படிவம் நிரப்புவதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். பழைய சிம்மை விட்டுவிட்டு அப்புறம் கிளைக்கு வருகிறார்கள். எண் சரியாவதற்கு முன்பே முகவரியை மாற்றுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு செய்தி வருகிறதா என்று பார்ப்பதில்லை.

புரிவதற்காக ஓர் ஆச்சியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். வயது 68. பீடி சுற்றிச் சேர்த்த பணமும் மாத உதவித்தொகையும் ஆலங்குளத்துக் கிளையில் இருக்கின்றன. பதிவில் இருப்பது மகனின் பழைய எண். ஆச்சி இப்போது பெருமாள்புரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்.

## 1. பதிவில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று நினைவை நம்பிச் சொல்லாதீர்கள். பெரும்பாலான வங்கிகளுக்கு இருப்புத் தெரிந்துகொள்ள ஒரு மிஸ்டு கால் எண் உண்டு. நீங்கள் நினைக்கும் எண்ணிலிருந்து அதற்கு அழைத்துப் பாருங்கள். இருப்புச் செய்தி வந்தால் அந்த எண் பதிவில் இருக்கிறது. வராவிட்டால் கிளையில் கேளுங்கள். முழு எண்ணைச் சொல்லாவிட்டாலும் கடைசி இலக்கங்களைச் சொல்வார்கள்.

"ஆச்சி, இந்த நம்பர் யாருது?"

"எம் மவனுதுய்யா. அவன் இப்ப வேற நம்பர்லா வச்சிருக்கான்."

இந்த உரையாடல் கிளைகளில் அடிக்கடி நடக்கும். ஊரில் முகாம் போட்டுக் கணக்குத் தொடங்கியபோது, மொபைல் இல்லாதவர்களுக்குப் பக்கத்தில் நின்றவரின் எண்ணையே எழுதிக்கொடுத்ததும் உண்டு. அப்படி எழுதிய எண் யாருடையது என்றே இப்போது தெரியாமல் இருக்கலாம்.

இன்னொன்றையும் இதே நேரத்தில் கேட்டுவிடுங்கள்: ஒரே வங்கியில் உங்களுக்கு இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருக்கின்றனவா? மொபைல் எண்ணும் முகவரியும் வாடிக்கையாளர் எண்ணின் கீழ்தான் பதிவாகின்றன. சேமிப்புக் கணக்கு ஒரு வாடிக்கையாளர் எண்ணிலும் பழைய வைப்புத்தொகை இன்னொன்றிலும் இருந்தால், ஒன்றில் செய்த மாற்றம் மற்றதற்குப் போகாது. கூட்டுக் கணக்கில் இருவருக்கும் தனித்தனி வாடிக்கையாளர் எண். ஒருவர் தன் மொபைல் எண்ணை மாற்றினால் மற்றவருடையது அப்படியேதான் இருக்கும்.

## 2. பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே தொடங்குங்கள்

இதுதான் வரிசையில் முக்கியமான இடம். பழைய எண் வேலை செய்தால், பல வங்கிகளில் ஏடிஎம்மிலோ ஆன்லைனிலோ பழைய எண்ணுக்கு ஒன்று, புது எண்ணுக்கு ஒன்று என இரண்டு ஓடிபிகளைப் போட்டு மாற்றிவிடலாம். பழைய எண் செத்துப்போனால் பெரும்பாலும் நேரில் கிளைக்குப் போவதைத் தவிர வழியில்லை.

ப்ரீபெய்டு எண்ணை 90 நாட்கள் எதற்கும் பயன்படுத்தாமல் விட்டால் அது துண்டிக்கப்படலாம். சிம்மில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாட்களுக்கு நீட்டிப்பார்கள். துண்டித்த பிறகு 90 நாட்களுக்கு அந்த எண்ணை வேறு யாருக்கும் தருவதில்லை. அதற்குப் பின் அது புது வாடிக்கையாளருக்குப் போகலாம்.

போனால் என்ன ஆகும்? உங்கள் கணக்கில் பணம் வந்தது, போனது, மீதி எவ்வளவு என்பதெல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும். ஓடிபியும் போகும். எண் மட்டும் கையில் இருந்தால் பணத்தை எடுத்துவிட முடியாது. ஆனால் பல வங்கிகளில் யுபிஐ பின் அமைக்க, பதிவான எண்ணுள்ள போனும் டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் அதன் காலாவதி மாதமும் போதும். கார்டின் விவரம் ஜெராக்ஸ் கடையிலோ வாட்ஸ்ஆப்பிலோ ஏற்கெனவே சிதறிக் கிடந்தால், மீதித் துண்டு அந்தப் பழைய எண்தான்.

2025 ஏப்ரல் முதல், துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலைப் பார்த்து யுபிஐ பதிவுகளை வாராவாரம் சரிசெய்யும்படி வங்கிகளுக்கு விதி இருக்கிறது. அதனால் கைமாறிய எண்ணில் யுபிஐ நின்றுபோகும். அது நல்லதுதான். ஆனால் அது உங்கள் புது எண்ணைக் கணக்கில் ஏற்றித் தராது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஆகவே மகனின் பழைய சிம் எங்காவது டப்பாவில் கிடந்தால் தேடி எடுத்து, குறைந்த தொகைக்கு ரீசார்ஜ் செய்து, மாற்றம் முழுவதும் முடியும்வரை வைத்திருங்கள்.

## 3. புது எண் யார் பெயரில் இருக்க வேண்டும்?

கணக்கு வைத்திருப்பவர் பெயரில். போன் தொலைந்தால் டூப்ளிகேட் சிம் வாங்க, சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அடையாள அட்டையோடு போக வேண்டும். மகன் பெயரில் எடுத்த சிம்மை ஆச்சி தொலைத்துவிட்டால், மகன் திருப்பூரிலிருந்து வரும்வரை கணக்குக்கு ஓடிபி கிடையாது.

ஆச்சியிடம் பட்டன் போன் இருந்தால் போதும். எஸ்எம்எஸ் வர ஸ்மார்ட்போன் தேவையில்லை. செய்தியைப் படித்துச் சொல்ல மகளோ பேத்தியோ வீட்டில் இருந்தால் சரி.

## 4. கிளைக்குப் போகுமுன் கையில் வேண்டியவை

பாஸ்புக், ஆதார் அசலும் நகலும், பான் கார்டு இருந்தால் அதன் நகல், புது சிம் போட்ட போன் சார்ஜோடு, பழைய எண் வேலை செய்தால் அதுவும். நகல்களில் கையெழுத்தை வீட்டில் போடாதீர்கள். கிளையில், பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பதிவில் இருப்பது போலவே போடுங்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றுதான் நிறைய விண்ணப்பங்கள் திரும்புகின்றன.

கைநாட்டு வைப்பவர் நேரில்தான் வர வேண்டும். நடமாட முடியாதவர் என்றால் கிளையில் சொல்லுங்கள். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கேஒய்சி ஆவணங்களை வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளும் வசதி செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது.

மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியக் கூட்டம் இருக்கும். 15-ஆம் தேதியை ஒட்டி மகளிர் உரிமைத்தொகை எடுக்க வருபவர்கள் கூட்டம் இருக்கும். அந்த நாட்களைத் தவிர்த்தால் கவுண்டரில் இருப்பவருக்கு உங்கள் விண்ணப்பத்தைப் பொறுமையாகப் பார்க்க நேரம் கிடைக்கும்.

## 5. மொபைல் எண்ணை மாற்றுதல்

எண்ணை ஏன் முகவரிக்கு முன் மாற்ற வேண்டும் என்றால், முகவரி மாற்றம் பதிவானதா, கார்டு அனுப்பப்பட்டதா, செக் புக் எந்த ஊரில் நிற்கிறது என்ற தகவல் எல்லாம் எஸ்எம்எஸ்ஸில்தான் வருகிறது. ஆன்லைனில் முகவரி மாற்றினால் அதற்கும் ஓடிபி வேண்டும். எண் பழையதாக இருக்கும்போது முகவரியை மாற்றினால், அது நடந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியிருக்காது.

கிளையில் வாடிக்கையாளர் விவர மாற்றப் படிவத்தைக் கேளுங்கள். அதில் எண்ணை எழுதும்போது இரண்டு தடவை சரிபாருங்கள். வேறொருவர் சொல்லச் சொல்ல எழுதாமல், புது போனிலிருந்து பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்து, அங்கே விழும் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். ஓர் இலக்கம் தவறினால் உங்கள் கணக்குச் செய்தி வேறொருவருக்குப் போகும். அவர் புகார் செய்யும்வரை யாருக்கும் தெரியாது.

படிவத்தில் எஸ்எம்எஸ் அலெர்ட் வேண்டும் என்பதற்குத் தனிக் கட்டம் இருந்தால் அதையும் குறியிடுங்கள். சில வங்கிகளில் வாடிக்கையாளர் பதிவில் இருக்கும் எண் வேறு, அலெர்ட் சேவையில் இணைத்த எண் வேறு. முதலாவதை மட்டும் மாற்றினால் ஓடிபி புது எண்ணுக்கும், பணம் எடுத்த செய்தி பழைய எண்ணுக்கும் போகும். "ஓடிபி வருதே, அப்ப எல்லாம் சரிதான்" என்று போய்விடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கவுண்டரில் ஒருவர் விவரத்தைக் கணினியில் ஏற்றுவார். இன்னோர் அதிகாரி அதைப் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். முதல் வேலை முடிந்து இரண்டாவது நடக்காமல் அன்றைய பொழுது போய்விடுவதுண்டு. அதனால் "ஏத்தியாச்சு" என்ற சொல்லோடு கிளம்பாதீர்கள். "ஒப்புதல் ஆயிட்டா அண்ணாச்சி?" என்று கேட்டு, மாற்றம் பதிவான செய்தி போனில் வந்த பிறகு கிளம்புங்கள். பல வங்கிகள் இந்தச் செய்தியைப் பழைய எண்ணுக்கும் அனுப்பும். உங்களுக்குத் தெரியாமல் யாராவது எண்ணை மாற்றினால் காட்டிக்கொடுப்பது அந்தச் செய்திதான். பழைய சிம்மை மாற்றம் முடியும்வரை வைத்திருக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிவத்தைக் கொடுத்ததற்கு முத்திரையும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பின்னால் ஏதாவது நடந்தால், எந்தத் தேதியில் வங்கிக்குச் சொன்னீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

யுபிஐ பயன்படுத்துகிறவர் புது எண்ணில் செயலியை மறுபடி பதிவு செய்ய வேண்டும். புதிதாகப் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். கல்யாணச் செலவோ ஆஸ்பத்திரிக் கட்டணமோ இருக்கும் நாளில் எண்ணை மாற்றாதீர்கள்.

ஆதாரில் இருக்கும் எண் வேறு, வங்கியில் இருக்கும் எண் வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு, வங்கியிலும் மாறிவிட்டது என்று நினைத்திருக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் அலைய வேண்டும்.

## 6. செய்தி வருகிறதா என்று சோதித்துப் பாருங்கள்

மறுநாள் மூன்று சோதனைகள் செய்யுங்கள். புது எண்ணிலிருந்து இருப்பு மிஸ்டு கால். ஏடிஎம்மில் 500 ரூபாய் எடுத்தல். கணக்கில் யாரையாவது 500 ரூபாய் போடச் சொல்லுதல். மூன்றுக்கும் செய்தி வர வேண்டும். பத்து ரூபாய், இருபது ரூபாய் அனுப்பிச் சோதிக்காதீர்கள். சிறிய யுபிஐ தொகைகளுக்குச் சில வங்கிகள் எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை. செய்தி வராததற்கு எது காரணம் என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

வராவிட்டால் முதலில் போனைப் பாருங்கள். பட்டன் போன்களில் செய்திப் பெட்டி நிரம்பியிருந்தால் புதியது விழாது. ஸ்மார்ட்போனில் ஸ்பேம் பகுதிக்குள் போயிருக்கலாம். போனில் கோளாறு இல்லை என்றால், ஐந்தாம் படியில் சொன்ன அலெர்ட் கட்டமோ, இரண்டாவது ஒப்புதலோ விடுபட்டிருக்கும். ஒப்புகைச் சீட்டோடு கிளைக்குப் போங்கள்.

## 7. அலெர்ட் வந்த நாளிலிருந்து ஓடும் நாள் கணக்கு

இவ்வளவு சோதனை எதற்கு என்று கேட்கலாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையில் பதில் இருக்கிறது. வங்கியின் தவறும் இல்லாமல் உங்கள் தவறும் இல்லாமல் வெளியாள் ஒருவர் மின்னணு வழியில் பணத்தை எடுத்துவிட்டால், நஷ்டம் யாருக்கு என்பதை அது நாள் வைத்துப் பிரிக்கிறது. வங்கியிலிருந்து தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் பொறுப்பு. குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத அடிப்படைக் கணக்கு என்றால் 5,000. ஏழு நாளும் தாண்டினால், அந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படிதான்.

ஆச்சியின் கணக்கிலிருந்து ஒரு வியாழக்கிழமை 24,000 ரூபாய் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். அன்றே செய்தி வருகிறது. செய்தி வந்த நாள் கணக்கில் சேராது. வெள்ளி முதல் நாள். சனி இரண்டாம் சனியாக இருந்தால் வங்கி விடுமுறை, ஞாயிறும் விடுமுறை. திங்கள் இரண்டாம் நாள், செவ்வாய் மூன்றாம் நாள். செவ்வாய்க்குள் சொன்னால் 24,000 முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். புகார் கொடுத்த பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. புதன்கிழமை சொன்னால் 10,000 வரை ஆச்சியின் தலையில் விழலாம்.

செய்தி மகனின் பழைய எண்ணுக்குப் போயிருந்தால்? மாதம் பிறந்து பாஸ்புக் போடும்போதுதான் தெரியும். பதிவில் இருந்த எண்ணுக்கு அன்றே அனுப்பிவிட்டோம் என்று வங்கி சொல்லும். அந்த எண் எங்கள் கையில் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும்.

ஒரு எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓடிபியையோ பின்னையோ நீங்களே ஒருவருக்குச் சொல்லியிருந்தால் மேலே சொன்ன பாதுகாப்பு கிடைக்காது. வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. அங்கேயும் சீக்கிரம் சொல்வதுதான் பணத்தைக் காக்கும். வங்கிக்குச் சொன்ன கையோடு, இணையக் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-க்கும் அழைத்துவிடுங்கள்.

## 8. முகவரியை மாற்றுதல்

எண் வேலை செய்வது உறுதியான பிறகு இதைத் தொடங்குங்கள்.

கார்டு காலாவதியாகும்போது புதியது பதிவான முகவரிக்குத்தான் கிளம்பும். ஆள் இல்லை என்று திரும்பினால் கிளைக்கு வந்து கொஞ்சகாலம் கிடந்து அழிக்கப்படும். திரும்பாமல் யாராவது வாங்கிவைத்துக்கொண்டால் அதைவிட மோசம். கார்டு பழைய வீட்டில், ஓடிபி பழைய எண்ணில், இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் பின் அமைத்துப் பணம் எடுக்கப் பெரிதாக வேறொன்றும் தேவையில்லை.

அடுத்தது கேஒய்சி கடிதம். வங்கி உங்கள் விவரங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். பெரும்பாலான சாதாரணக் கணக்குகளுக்கு அது பத்து வருடம். 2025 ஜூன் மாதத் திருத்தத்தின்படி, கெடு முடியும் முன் மூன்று அறிவிப்பு அனுப்ப வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும். கெடு முடிந்த பிறகும் அதே போல மூன்று நினைவூட்டல். பழைய எண்ணும் பழைய முகவரியும் இருந்தால் இந்த ஆறும் உங்களைச் சேராது. பணம் எடுக்கப் போகும்போதுதான் கணக்கு முடங்கியிருப்பது தெரியும்.

படிவத்தில் நிரந்தர முகவரி, தொடர்பு முகவரி என்று இரண்டு இருக்கும். ஆச்சிக்கு ஆலங்குளத்தில் சொந்த வீடு இருக்கிறது என்றால் நிரந்தர முகவரி அதுவே இருக்கட்டும். தபால் வர வேண்டியது பெருமாள்புரத்துக்கு. அதைத் தொடர்பு முகவரியில் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிட்டுப் பிறகு ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்று திண்டாடுவது அதிகம் நடக்கிறது.

சான்றுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். மகள் வீட்டு மின்கட்டண ரசீது மருமகன் பெயரில் இருக்கும். அது ஆச்சிக்கு முகவரிச் சான்று ஆகாது. ஆனால் ஆதாரில் இருக்கும் முகவரியிலிருந்து இப்போது குடியிருக்கும் முகவரி வேறு என்றால், அதைச் சுய உறுதிமொழியாக எழுதிக்கொடுக்கலாம். விவரங்களில் முகவரி மட்டும் மாறியிருந்தால் வங்கி அந்த உறுதிமொழியை வாங்கிக்கொண்டு, இரண்டு மாதத்துக்குள் கடிதம் அனுப்பியோ ஆள் அனுப்பியோ உறுதிசெய்ய வேண்டும். சில கிளைகள் ஆவண நகலும் கேட்கும். அப்படிக் கேட்க வங்கிக்கு இடமுண்டு. அதனால் வாதாடுவதைவிட எது வேண்டும் என்று முதல் தடவையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சொந்தப் பெயரில் மின்கட்டண ரசீது இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அதன் வயது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட ரசீதை ஏற்கமாட்டார்கள். நம் ஊரில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால், புது ரசீது வந்த வாரமே போவது நல்லது. ரசீது தற்காலிகச் சான்றுதான். மூன்று மாதத்துக்குள் புது முகவரியுள்ள ஆதாரோ வாக்காளர் அட்டையோ கொடுத்துவிட வேண்டும்.

இனி முகவரியை எழுதும் விதம். நம் பக்கத்து ஊர்களில் மேலத்தெரு, கீழத்தெரு, வடக்குத்தெரு இல்லாத ஊரே கிடையாது. தெருப் பெயரை மட்டும் எழுதினால் தபால்காரர் திணறுவார். கதவு எண் பழையது புதியது என்று இரண்டிருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஆச்சி மகள் வீட்டில் இருப்பதால், மே/பா என்று போட்டு மருமகன் பெயரைச் சேர்க்க வேண்டும். தபால்காரருக்கும் தெருவுக்கும் தெரிந்த பெயர் அவருடையதுதான்.

பின்கோடு இதில் பாதி வேலையைச் செய்கிறது. பாளையங்கோட்டை என்று எழுதி 627002 போட்டுவிடுகிறார்கள், பெருமாள்புரத்துக்கு 627007. கடிதம் வேறு அஞ்சலகத்துக்குப் போய்ச் சுற்றிவரும், சில சமயம் திரும்பியே போய்விடும்.

மாவட்டப் பெயரையும் பாருங்கள். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. ஆலங்குளம், சங்கரன்கோவில், கடையநல்லூர்ப் பக்கத்துக் கணக்குகளில் இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கலாம். ஆதாரில் தென்காசி என்று வந்திருந்தால், இரண்டும் ஒத்துப்போகாமல் ஆன்லைன் விண்ணப்பம் நின்றுபோகக்கூடும். நிரந்தர முகவரியை மாற்றாவிட்டாலும் மாவட்டப் பெயரைத் திருத்தச் சொல்லி அதே படிவத்தில் ஒரு வரி எழுதிக்கொடுங்கள்.

## 9. கடிதமும் ஸ்டேட்மென்ட்டும் வந்து சேர வேண்டும்

வங்கி உறுதிசெய்யக் கடிதம் அனுப்பினால், வாங்க ஆள் இருக்க வேண்டும். மகளும் மருமகனும் வேலைக்குப் போய் ஆச்சி கோவிலுக்குப் போயிருந்தால் கடிதம் திரும்பிவிடும். முகவரி மாற்றம் உறுதியாகாமல் நிற்கும். பகுதித் தபால்காரரிடம் ஆச்சியின் பெயரைச் சொல்லிவையுங்கள்.

அப்புறம் கணக்கு ஸ்டேட்மென்ட். தாளில் வேண்டுமா, மின்னஞ்சலில் வேண்டுமா என்று இப்போதே சொல்லிவிடுங்கள். மின்னஞ்சலில் வரும் கோப்புக்குச் சில வங்கிகள் வைக்கும் கடவுச்சொல்லில், பதிவான மொபைல் எண்ணின் கடைசி இலக்கங்களும் பிறந்த தேதியும் சேர்ந்திருக்கும். எண்ணை மாற்றிய பிறகு வரும் கோப்பு புது எண்ணின் இலக்கங்களில் திறக்கும். முன்பே வந்தவை பழைய எண்ணின் இலக்கங்களில்தான் திறக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

ஸ்டேட்மென்ட் வந்தால் பெரிய தொகைகளைவிடச் சின்னத் தொகைகளைப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை 20 ரூபாய் போவது மத்திய அரசின் விபத்துக் காப்பீடு. 436 ரூபாய் போனால் அது மத்திய அரசின் ஆயுள் காப்பீட்டுத் திட்டம். அந்தத் திட்டம் 55 வயதோடு முடிகிறது. 68 வயது ஆச்சியின் கணக்கில் 436 எடுக்கப்பட்டிருந்தால் கிளையில் கேட்க வேண்டிய விஷயம். பழைய எண்ணுக்குப் போன எஸ்எம்எஸ்ஸில் இது வந்துபோயிருக்கும், யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

## 10. மாற்றம் நடக்கும் நாட்களில் வரும் போலி அழைப்பு

கேஒய்சி முடிக்காவிட்டால் இன்றே கணக்கு முடங்கும் என்று ஓர் அழைப்பு வரும், இல்லையென்றால் வாட்ஸ்ஆப்பில் வங்கிப் பெயரோடு ஒரு `APK` கோப்பு வரும். கிளைக்குப் போய்வந்த வாரம் இப்படி வந்தால் நம்பிவிடுவது எளிது, ஏனென்றால் உண்மையிலேயே விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது.

எந்த வங்கியும் போனில் ஓடிபி கேட்டு எண்ணை மாற்றாது, செயலி நிறுவச் சொல்லி முகவரியை மாற்றாது. வங்கிகளின் இணையதள முகவரிகள் இப்போது `.bank.in` என்று முடிகின்றன. சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பாஸ்புக்கில் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

போனில் திடீரென்று சிக்னல் இல்லாமல் போய், பக்கத்தில் அதே நிறுவனச் சிம் வேலை செய்தால், உங்கள் பெயரில் யாரோ டூப்ளிகேட் சிம் எடுத்திருக்கலாம். புதிதாக மாற்றிய சிம்மில் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராதபடி தடை இருக்கிறது. அந்த ஒரு நாளுக்குள் தொலைபேசி நிறுவனத்துக்கும் வங்கிக்கும் சொல்லிவிட வேண்டும்.

## 11. கிளையில் வேலை நடக்காவிட்டால்

விண்ணப்பம் கொடுத்து ஒரு வாரமாகியும் எண் மாறவில்லை என்றால், முதலில் கிளை மேலாளரிடம் ஒப்புகைச் சீட்டைக் காட்டுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள்.

30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். `cms.rbi.org.in` தளத்தில் பதியலாம், விவரம் கேட்க 14448-க்கு அழைக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. வங்கியிடம் முதலில் புகார் செய்யாமல் நேரே அங்கே போனால் திருப்பிவிடுவார்கள். புகாரோடு முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டின் படத்தையும் வங்கியில் வாங்கிய புகார் எண்ணையும் இணைத்துவிடுங்கள்.